சுற்றிக்கொண்டே இருக்கும் சரிபார்ப்புத் திரை: குக்கியா, கடிகாரமா, நீட்சியா?

ஓர் இணையதளத்தின் முகவரியை அடித்ததும், தளத்துக்குப் பதிலாக ஏறக்குறைய வெறுமையான ஒரு பக்கம் வந்து நிற்கிறது. தாவலின் தலைப்பில் Just a moment... என்று இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் Checking your browser before accessing என்ற வரியும், ஐந்து நொடி பொறுக்கச் சொல்லும் குறிப்பும் இருந்திருக்கும். பெரும்பாலும் அது வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது. மறையாமல் போகும் நாளில் பலரும் இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று எண்ணிக் காத்திருக்கிறார்கள். பிறகு பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கிறார்கள். கடைசியில் தளமே பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். காத்திருப்பதால் பயன் எதுவும் இல்லை. சில நொடிகளில் முடிய வேண்டிய சோதனை அது. முடியவில்லை என்றால், ஒன்று நடுவழியில் நின்றுபோயிருக்கிறது, இல்லையென்றால் முடிந்தபின் தோற்று மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. இந்த இரண்டில் எது என்று கண்டுகொண்டால், காரணத்தைத் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இத்தகைய திரையைப் பல நிறுவனங்கள் காட்டுகின்றன. நாம் அன்றாடம் அதிகம் பார்ப்பது கிளவுட்ஃப்ளேர் காட்டும் திரை என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். தளத்துக்கும் நமக்கும் நடுவில் நின்று, தானியங்கி நிரல்கள் கூட்டமாக வந்து தளத்தை முடக்காமல் காப்பது அந்த நிறுவனத்தின் வேலை. தளத்தின் உரிமையாளர் ‘தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறேன்’ என்ற பொருள்படும் ஓர் அமைப்பை முடுக்கிவிட்டால், வருகிற எல்லோருக்கும் இந்தத் திரை காட்டப்படும். பழைய ஐந்து நொடிப் பக்கம் அதிலிருந்து வந்ததுதான். சந்தேகத்துக்குரிய வருகைகளுக்கு மட்டும் காட்டும் வழியும் உண்டு. 2022-இல் அறிமுகமான டர்ன்ஸ்டைல் என்ற சிறு பெட்டி, முழுப்பக்கத்தை மறைக்காமல் படிவத்தின் ஓரத்தில் இதே சோதனையைச் செய்கிறது.

திரைக்குப் பின்னால் நடப்பதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதலாவது சோதனை. ஒரு ஸ்கிரிப்ட் நம் உலாவிக்குள் இறங்கி, ஒரு சிறு கணக்கைப் போடச் சொல்கிறது; உலாவி தன்னைப் பற்றிச் சொல்வதும் அது உண்மையில் நடந்துகொள்ளும் விதமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது; கண்டதைத் தொகுத்து அனுப்புகிறது. இரண்டாவது அத்தாட்சி. விடை சரி என்று தெரிந்ததும் cf_clearance என்ற பெயருள்ள குக்கி ஒன்று நம் உலாவியில் வைக்கப்படுகிறது. பொருட்காட்சி வாசலில் கையில் குத்திவிடும் முத்திரையைப் போன்றது அது. அடுத்த கோரிக்கையிலிருந்து உலாவி அந்தக் குக்கியைக் காட்டும், வாயிலும் மறுபேச்சில்லாமல் திறக்கும். உரிமையாளர் மாற்றாமல் விட்டிருந்தால் அதன் செல்லுபடிக் காலம் 30 நிமிடம்.

இப்போது, தேங்கி நிற்கும் திரையை உற்றுப் பாருங்கள். சுழலும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது, அல்லது பெட்டி வரவேண்டிய இடம் காலியாகவே கிடக்கிறது, பக்கம் ஒருமுறைகூட மாறவில்லை என்றால் சோதனையே ஓடி முடியவில்லை. ஸ்கிரிப்டை ஏதோ தடுக்கிறது. பெரும்பாலும் அது உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட ஒரு நீட்சியாக இருக்கும். அதற்கு மாறாக, பச்சைக் குறி வருகிறது, பக்கம் ஒருமுறை மினுங்கிப் புதுப்பித்துக்கொள்கிறது, உடனே அதே திரை திரும்ப வருகிறது என்றால் சோதனையில் தேறிவிட்டீர்கள். அத்தாட்சிதான் கையில் நிற்கவில்லை. இது குக்கியின் பக்கம். கடிகாரம் இந்த இரண்டு பக்கமும் சேட்டை செய்யக்கூடியது. அதனால்தான் அதைப் பிடிப்பது கடினம்.

குக்கியை முதலில் பார்த்துவிடுவோம். எல்லாக் குக்கிகளையும் தடுக்கும்படி உலாவியை அமைத்திருந்தால் அத்தாட்சி வைக்க இடமே இல்லை. சில வேளைகளில் திரையே Enable JavaScript and cookies to continue என்று அதைச் சொல்லிவிடுகிறது. இந்த வரி தெரிந்தால் அதை அப்படியே நம்பலாம். மூன்றாம் தரப்புக் குக்கிகளை மட்டும் தடுத்திருப்பவர்கள் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. cf_clearance நாம் திறக்கும் தளத்தின் பெயரிலேயே வைக்கப்படுவது. குக்கிகளைத் தானாக அழிக்கும் நீட்சிகள்தான் இங்கே கவனிக்க வேண்டியவை. தாவல் மாறியதுமே துடைத்தெடுக்கும்படி அவற்றை அமைத்திருந்தால் முத்திரை குத்தக் குத்த அழிந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குரோமில் F12 விசையை அழுத்தி, Network பகுதியில் Preserve log என்பதைக் குறியிட்டுவிட்டுத் தளத்தைத் திறக்க வேண்டும். முதல் வரியில் தளத்தின் முகவரிக்கு எதிரே 403 என்ற எண் இருக்கும். அதன் பதில் தலைப்புகளில் இப்படி ஒரு வரியைக் காணலாம்:

```
cf-mitigated: challenge
```

அது தளம் தந்த பதில் அல்ல, வாயில்காப்பவர் தந்த பதில் என்பதற்கு இதுவே அடையாளம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சில வரிகளுக்குப் பிறகு அதே முகவரி மறுபடி வந்து 200 என்று முடியும். சுழற்சியில் சிக்கியிருந்தால் 403, மறுபடி 403 என்று வரிசை நீளும். இரண்டாவது 403-ஐச் சொடுக்கி, நம் உலாவி அனுப்பிய கோரிக்கையின் Cookie வரியில் cf_clearance இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் நம் கணினிதான் அதை வைத்துக்கொள்ளவில்லை. இருந்தும் 403 வருகிறது என்றால் அத்தாட்சி காட்டப்பட்டும் ஏற்கப்படவில்லை.

ஏற்கப்படாமல் போவது எப்படி? அந்தக் குக்கி, சோதனையில் தேறிய அதே வருகையாளருக்கும் அதே கருவிக்கும் உரியது. வேறு கணினிக்கு நகலெடுத்துப் போனால் செல்லாது; அப்படிச் செல்லுபடியானால் தானியங்கி நிரல்களுக்கு ஒரு மனிதர் தேறித் தந்தாலே போதும் என்றாகிவிடும். வி.பி.என். பயன்படுத்துபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். சில வி.பி.என். நீட்சிகள் சில முகவரிகளுக்கான கோரிக்கைகளை மட்டும் சுற்றுவழியில் அனுப்பும், மற்றவற்றை நேர்வழியில் விட்டுவிடும். அப்போது கேள்வி ஓர் ஐ.பி. முகவரிக்குப் போகிறது, விடை இன்னொன்றிலிருந்து வருகிறது. வாயிலுக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரிகிறது. வி.பி.என்-ஐ நிறுத்திவிட்டு, அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் முகவரிப் பட்டையின் இடப்புறச் சின்னத்தைச் சொடுக்கி நீக்கிவிட்டுத் திறந்தால் போதும். எல்லாத் தளங்களின் குக்கிகளையும் அழிக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. வங்கி, மின்னஞ்சல் என்று எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, ஒரு சிறு சிக்கலுக்காகப் பெரிய தொல்லையை வரவழைத்துக்கொள்வதாகவே அது முடிகிறது.

இனிக் கடிகாரம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் தான் பயன்படுத்திய மடிக்கணினியை அவருக்குத் தந்துவிட்டுப் போயிருந்தார். அதில் மற்ற தளங்கள் எல்லாம் திறந்தன, குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் சரிபார்ப்புத் திரையைத் தாண்டவில்லை. குக்கிகளை நீக்கியாகிவிட்டது. நீட்சி எதுவும் அதில் இல்லை. அதே வைஃபையில் அவருடைய கைப்பேசியில் அந்தத் தளங்கள் ஒழுங்காகத் திறந்தன. “நேரம் சரியாக இருக்கிறதா சார்?” என்று கேட்டதற்கு, “சரியாகத்தான் இருக்கிறது தம்பி, நானே வைத்தேன்” என்று திரையின் மூலையைக் காட்டினார். பிற்பகல் 3 மணி. சுவர்க் கடிகாரத்திலும் 3 மணி.

‘நானே வைத்தேன்’ என்ற சொல்லில்தான் விடை இருந்தது. F12 அழுத்தினால் வரும் பகுதியில் Console என்ற தாவல் இருக்கிறது. உலாவியின் அந்தக் கன்சோலில் ஒரு வரி அடித்துப் பார்த்தோம்:

```
new Date().toISOString()
```

கணினி எந்த ஊர் நேரத்தைக் காட்டினாலும், உலகப் பொது நேரமாக எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்பதை இந்த வரி சொல்லிவிடும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே பிற்பகல் 3 மணிக்கு அங்கே 09:30 என்று வந்திருக்க வேண்டும். வந்ததோ 23:00. நேர மண்டலம் இன்னும் அமெரிக்க மேற்குக் கரையிலேயே இருந்தது. ஜனவரி மாதத்தில் அந்த மண்டலம் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்தங்கியது. கணினி ஊர் வந்ததும் தவறான நேரம் காட்டியிருக்கிறது. அவர் மண்டலத்தைத் தொடாமல், தானாக நேரம் வைத்துக்கொள்ளும் அமைப்பை அணைத்துவிட்டு முள்ளை மட்டும் நகர்த்தியிருக்கிறார். விளைவாக, அந்தக் கணினியின் கணக்கில் கலிஃபோர்னியாவில் பிற்பகல் 3 மணி. அதாவது உண்மையைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் எதிர்காலத்தில் அது வாழ்ந்துகொண்டிருந்தது.

அப்படியானால் மற்ற தளங்கள் எப்படித் திறந்தன என்ற கேள்வி நியாயமானது. https என்று தொடங்கும் முகவரியுள்ள தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பதை உலாவி கணினியின் கடிகாரத்தை வைத்துத்தான் சரிபார்க்கிறது. அந்தக் காலம் வாரங்களிலும் மாதங்களிலும் அளக்கப்படுவது. பதின்மூன்று மணி நேரப் பிழை அதற்குள் அடங்கிவிடுகிறது, உலாவி எச்சரிப்பதில்லை. சரிபார்ப்புச் சோதனையின் ஆயுள் அப்படிப்பட்டதல்ல. டர்ன்ஸ்டைல் தரும் விடைச்சீட்டு ஒன்று 300 நொடிகளுக்கு மட்டுமே செல்லும். ஒருமுறைக்கு மேல் செல்லாது. நிமிடக் கணக்கில் நடக்கும் பேச்சில் மணிக்கணக்கில் பிசகிய கடிகாரம் நுழைந்தால், கேட்ட கேள்வி பழையதாகவோ விடை இன்னும் பிறக்காததாகவோ தெரியும். கன்சோலில் 200100 என்ற பிழை எண் வந்திருந்தால் ஐயமே வேண்டாம். கடிகாரம் தவறு, அல்லது சோதனைப் பக்கத்தின் பழைய நகல் ஒன்றை நடுவில் யாரோ சேமித்துத் தருகிறார்கள் என்பதற்கு கிளவுட்ஃப்ளேர் வைத்திருக்கும் எண் அது. நேரம் கடந்துவிட்டது என்று சொல்லும் 110600 என்ற எண்ணும் தவறான கடிகாரத்தால் வரக்கூடும்.

விண்டோஸின் தேதி, நேர அமைப்பில் மண்டலத்தை UTC+05:30 என்று மாற்றி, Set time automatically என்பதை மறுபடி இயக்கி, Sync now பொத்தானை அழுத்தியதும் ஆசிரியரின் தளங்கள் திறந்துவிட்டன.

கடிகாரம் பிசகுவதற்கு நம் பகுதியில் இன்னொரு பழக்கமான காரணம் உண்டு. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் இருப்பது ஊர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. ஒன்று எழுதிவைத்ததை மற்றொன்று தவறாகப் படிக்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் பின்தங்கும், திரும்பப் போனால் முந்தும். இணையத்தோடு ஒத்திசைந்ததும் தானாகச் சரியாகிவிடுவதால், சில நிமிடங்கள் கழித்து எப்படியோ தளம் திறந்துவிட்டது என்று நினைத்துக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவார்கள். லினக்ஸில் கீழுள்ள கட்டளையைக் கொடுத்தால் இரண்டும் ஊர் நேரத்தையே பின்பற்றும்:

```
timedatectl set-local-rtc 1
```

லினக்ஸ் உலகில் இதற்கு நேர்மாறாக விண்டோஸைப் பொது நேரத்துக்கு மாற்றுவதையே சிறந்த வழியாகச் சொல்வார்கள். அது விண்டோஸின் Registry என்ற அமைப்புப் பதிவேட்டில் கைவைக்கும் வேலை. பழக்கம் இல்லாதவர்களுக்கு மேலே சொன்னதே எளிது.

பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோவதுண்டு. ஒவ்வொரு முறை மின்சாரம் நின்று வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இது உடனே தெரிந்துவிடும். எந்தத் தளமும் திறக்காது, உலாவி NET::ERR_CERT_DATE_INVALID என்று முறையிடும். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை இயல்பாகத் திருத்த மறுத்துவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தேதியை முதலில் கையால் வைத்துவிட்டுப் பிறகு ஒத்திசைக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு CR2032 மின்கலத்தை மாற்றுவதுதான். விலை அதிகமில்லை.

நீட்சிகளுக்கு வருவோம். அவை சோதனையை இரண்டு விதத்தில் கெடுக்கின்றன. ஒன்று, ஸ்கிரிப்டை உள்ளேயே விடாமல் தடுப்பது. சோதனைப் பெட்டி challenges.cloudflare.com என்ற முகவரியிலிருந்து வருகிறது. விளம்பரத் தடுப்பான், ஸ்கிரிப்ட் தடுப்பான், வீட்டு வலையமைப்பில் தளப் பெயர்களை வடிகட்ட வைத்த DNS அமைப்பு இவற்றில் எதுவாவது அந்த முகவரியை மறித்தால் பெட்டி வருவதே இல்லை. வெற்றிடமும் 200500 என்ற எண்ணும்தான் மிஞ்சும். நன்கு பராமரிக்கப்படும் விளம்பரத் தடுப்பான்கள் இயல்புநிலையில் இதைத் தடுப்பதில்லை. பயனர் தானே கூடுதலாகச் சேர்த்த கடுமையான பட்டியல்களில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். ஆகவே நீட்சியையே தூக்கியெறிய வேண்டியதில்லை, அந்த ஒரு முகவரிக்கு விலக்கு தந்தால் போதும்.

மற்றொன்று இதைவிட நுட்பமானது: ஸ்கிரிப்டை உள்ளே விட்டுவிட்டு, அது கேட்கும் கேள்விகளுக்குப் பொய் விடை தருவது. உலாவியின் பெயரை மாற்றிக் காட்டும் நீட்சி இதற்கு நல்ல உதாரணம். பழைய உலாவியை வற்புறுத்தும் ஏதோ ஒரு தளத்துக்காக எப்போதோ நிறுவியிருப்போம், மறந்தும் போயிருப்போம். அது வெளியே போகும் கோரிக்கையின் தலைப்பில் ஒரு பெயரை எழுதுகிறது. ஆனால் பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் கேட்கும்போது சில இடங்களில் பழைய பெயரே வெளிப்பட்டுவிடுகிறது. ஒரே ஆள் இரண்டு பெயர் சொன்னால் வாயில் திறக்காது. இதற்கு 110510 என்ற தனி எண்ணே இருக்கிறது. கைரேகைபோல் உலாவியை அடையாளம் காண்பதைத் தடுக்கும் நீட்சிகளும், ஃபயர்ஃபாக்ஸில் privacy.resistFingerprinting என்ற அமைப்பும் இதே வகையைச் சேர்ந்தவை. நேர மண்டலத்தை மறைப்பது, பக்கத்துக்குள் படம் வரையப் பயன்படும் canvas தரும் விடையில் வேண்டுமென்றே பிசிறு சேர்ப்பது போன்றவற்றை இவை செய்கின்றன. தனியுரிமைக்காக இவற்றை வைத்திருப்பவர்கள் செய்வதில் எந்தத் தவறும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நேர்மையான பயனர் ஒருவர் தன்னை மறைத்துக்கொள்வதும் தானியங்கி நிரல் ஒன்று தன்னை மறைத்துக்கொள்வதும் இந்தச் சோதனைக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. அது சோதனையின் குறைபாடு. பெரும்பான்மையோர் பயன்படுத்தாத உலாவிகளும் இதனாலேயே அடிபடுகின்றன. 2025-இன் தொடக்கத்தில் பேல் மூன் உலாவியின் பயனர்கள் பல தளங்களுக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். அவர்கள் பக்கத்தில் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.

இவ்வளவையும் ஒவ்வொன்றாக ஆராயத் தேவையில்லாமல் செய்ய ஒரு சோதனை இருக்கிறது. அதே தளத்தை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே பழைய குக்கிகள் இல்லை. நாம் தனியே அனுமதித்திருந்தால் தவிர நீட்சிகளும் ஓடுவதில்லை. ஆனால் கடிகாரமும் ஐ.பி. முகவரியும் அதேதான். அங்கே திறந்தால் குற்றவாளி குக்கி அல்லது நீட்சி. குக்கியை நீக்கிப் பார்த்து, பிறகு நீட்சிகளைப் பாதிப் பாதியாக அணைத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அங்கேயும் சுற்றினால் கடிகாரம், உலாவியின் சொந்த அமைப்பு, வலையமைப்பு ஆகியவற்றில் ஒன்று. அதே வைஃபையில் கைப்பேசியில் திறந்து பார்த்தால் வலையமைப்பா கணினியா என்பதும் தெளிவாகிவிடும். ஆசிரியரின் கணினியில் நாங்கள் கடிகாரத்தை வந்தடைந்தது இந்த வழியில்தான்.

இந்தத் திரை எல்லோருக்கும் பழகிப்போனதை ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு Ctrl, V, அதன்பின் Enter என்று ஒரு திரை சொன்னால் அது போலி. அந்தப் பக்கம் முன்கூட்டியே நம் நகல்பலகையில் ஒரு தீய கட்டளையை வைத்திருக்கும். நம் கையாலேயே அதை ஓடவைப்பதுதான் நோக்கம். உண்மையான சோதனை உலாவிக்குள்ளேயே முடிந்துவிடும். பெட்டியில் ஒரு சொடுக்குக்கு மேல் அது எதையும் கேட்காது. திரை தாண்டவில்லை என்று சலித்துப்போயிருக்கும் நேரத்தில்தான் இப்படிப்பட்ட ‘தீர்வு’ ஒன்றை நம்பத் தோன்றும், ஆகவே அப்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்.

கடிகாரம் சரி, மறைநிலையிலும் சுற்றுகிறது, வேறு உலாவியிலும் வேறு இணைப்பிலும் அதே நிலை என்றால் கோளாறு நம்மிடம் இல்லை. உரிமையாளர் விதியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். அப்போது திரையின் அடியில் Ray ID என்ற பெயரோடு இருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த சரத்தை நகலெடுத்துத் தளத்தாருக்கு அனுப்ப வேண்டும். ‘உங்கள் தளம் திறக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் தேட முடியாது. அவர்களுடைய கணினியில் தளம் திறக்கத்தான் செய்யும். அந்தச் சரம் இருந்தால் கிளவுட்ஃப்ளேர் கணக்கின் பாதுகாப்பு நிகழ்வுப் பதிவில் நம் வருகையைத் தனியே கண்டு, எந்த விதி நம்மை மறித்தது என்று பார்த்துத் தளர்த்த முடியும். பக்கம் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சரம் மாறும். அதனால் கடைசியாகக் கண்டதையும், அதைக் கண்ட நேரத்தையும், பயன்படுத்திய உலாவியின் பெயரையும் பதிப்பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.